ஆயிரத்து நானூற்று அறுபது மணி நேரம்

"…போடாதீங்கண்ணே, அந்த எடத்துல என் பேரு வேண்டாம். அந்தப் புள்ள ஒருநாளும் என்னைய அப்படிக் கூப்பிட்டது இல்ல."

டீச்சர் இதைச் சொன்னபோது என் கை மவுஸின் மேல் இருந்தது. திரையில் ஒரு படம், பாதி மாற்றியபடி நின்றது. மேலே இருந்த பெயரை அழித்து டீச்சரின் பெயரை வைத்துவிட்டேன். எழுத்தின் பருமன், நிறம், பின்னாலிருந்த இளநீலம் எல்லாம் ஒத்துப் போயிற்று. பாதி வேலை முடிந்த திருப்தியில் கீழே இருந்த பெற்றோர் கருத்துக்கு வந்திருந்தேன். அங்கேதான் அவர் என்னை நிறுத்தினார்.

ஓசூரில் ராயக்கோட்டை சாலையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பத்தாவதோடு படிப்பு நின்றது. கம்ப்யூட்டரை நானாகத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். நகல் எடுப்பது, லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று எல்லாம் உண்டு. ஆனால் கடை ஓடுவது பயோடேட்டாவில்தான். சிப்காட்டுக்கு வேலை தேடி வருகிற பிள்ளைகள் உத்தனப்பள்ளி, கெலமங்கலம் பக்கமிருந்தும் வருவார்கள், தென்மாவட்டங்களிலிருந்து முதல்நாள் பேருந்தில் இறங்கிய பையோடும் வருவார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்பதற்கே எனக்குக் கடை பிடிக்கும். வீணான தாளின் பின்பக்கத்தில் அவர்கள் சொன்னதைக் குறித்து வைப்பேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவர், "பயோடேட்டாங்கறது நமக்கு முன்னாடி உள்ள போய் நாற்காலி புடிச்சு வக்கிற ஆளுங்கண்ணா" என்றார். தளியிலிருந்து ரோஜா ஏற்றி வருகிறவர், தன் பெண்ணின் பயோடேட்டாவைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இவ்ளோ நல்ல பொண்ணா எங்க வூட்ல இருக்குது?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் எழுதினால் யாரும் கொஞ்சம் உயரமாகத்தான் தெரிவார்கள். எட்டு மாதத்தை 'ஏறத்தாழ ஒரு வருடம்' என்று போடுவேன். மெஷினைத் துடைத்தவரை 'பராமரிப்பில் உதவியவர்' என்று எழுதுவேன். லேமினேஷன் மேசையிலிருந்து என் மனைவி, "ஏங்க, பயோடேட்டா அடிக்கிறீங்களா, கல்யாணத்துக்கு ஜாதகம் எழுதறீங்களா?" என்பாள். நான் சிரித்துக்கொள்வேன். அதுவரைக்கும் அதில் யாருக்கும் எதுவும் போனதாக எனக்குத் தெரியவில்லை.

டீச்சர் முதன்முதலாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். விருதுநகர் பக்கத்துக்காரர். கணிதத்தில் முதுநிலை, பி.எட். ஊரில் மெட்ரிகுலேஷன் பள்ளியில் மூன்று வருடம் பாடம் நடத்தியவர். கணவருக்கு இங்கே சி.என்.சி. மெஷினில் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு வந்துவிட்டார். ஒரு பையன், இரண்டாம் வகுப்பு.

"ஆன்லைன்ல பாடம் எடுக்குற வேலைக்கு ஒரு ரெஸ்யூம் அடிக்கணும்ணே. வெளிநாட்டுக் கம்பெனி. எல்லா நாட்டுப் புள்ளைகளும் படிக்கிற தளம்."

நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். மேலே பாஸ்போர்ட் அளவு படம். தகப்பனார் பெயர், கணவர் பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை. கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதியளிக்கிறேன்'. அச்சடித்து நீட்டினேன். டீச்சர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"அவங்களுக்கு எங்க அப்பா பேரு எதுக்குண்ணே? அவரா பாடம் நடத்தப் போறாரு?"

என் மனைவி லேமினேஷன் தாளைக் கீழே வைத்துவிட்டே சிரித்தாள்.

அன்றைக்கு நான்தான் மாணவன். ஒரே பக்கம் போதும் என்றார் டீச்சர். படம் வேண்டாம், வயது வேண்டாம். எந்தப் பாடம், எந்த வகுப்பு வரை என்பதுதான் முதலில் வர வேண்டும். 'கணிதம்' என்று மட்டும் போட்டால் போதாது. வகுப்பை அவர்கள் ஆண்டு என்பார்களாம்; ஏழாம் ஆண்டிலிருந்து பத்தாம் ஆண்டு வரை, இயற்கணிதம், வடிவியல், பின்னம், நிகழ்தகவு என்று பிரித்துப் போட வேண்டும். அதற்குக் கீழே என்னென்ன கருவி பயன்படுத்துகிறார் என்பது: ஆன்லைன் வெள்ளைப் பலகை, எழுதுவதற்குப் பேனாவோடு ஒரு டேப்லெட், வரைபடம் போடும் மென்பொருள், திரையைப் பகிர்வது, கரண்ட் போனால் இன்வெர்ட்டர், நெட் போனால் கைபேசி இணைப்பு. எந்த நேரத்தில் வகுப்புக்குக் கிடைப்பார் என்பதை நம் நேரத்திலும் உலகப் பொது நேரத்திலும் எழுத வேண்டும். "நம்ம கடிகாரம் வருசம் பூரா ஒண்ணு போல ஓடும்ணே. ஆஸ்திரேலியாக்காரங்க கடிகாரத்த வருசத்துக்கு ரெண்டு தடவ திருப்பி வப்பாங்க. அக்டோபர்ல எல்லா வகுப்பும் ஒரு மணி நேரம் முன்னாடி வந்துரும்" என்றார். கடிகாரத்தைக் கூட விட்டு வைக்கவில்லையா இவர்கள் என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

பிறகு மாணவர்கள் அடைந்த பலன். பிள்ளையின் பெயரைப் போடக் கூடாது. வகுப்பு, எங்கிருந்து எங்கே வந்தது, எத்தனை மாதத்தில் என்பதை மட்டும் போட வேண்டும். 'எட்டாம் ஆண்டு மாணவி, பதினான்கு மாதங்களில் கணிதத்தில் டி கிரேடிலிருந்து பி கிரேடு.' இதைச் சொல்லும்போது மட்டும் டீச்சரின் முகம் வேறாக இருந்தது.

கடைசியாக, ஆன்லைனில் பாடம் எடுத்த மொத்த மணி நேரம். டீச்சர் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். நாள்வாரியாகக் கோடு போட்டு எழுதியிருந்தார். கூட்டி வைத்த எண் ஆயிரத்து நானூற்று அறுபது.

"அவங்க ஐந்நூறுக்குக் குறையாம கேக்குறாங்கண்ணே. நமக்கு அதுக்கு மேலயே இருக்கு."

நான் அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டேன். எங்கே எடுத்த வகுப்பு என்ற இடத்தில், ஓசூரில் ஒரு டியூஷன் சென்டரின் பெயரையும், அந்த சென்டர் பாடம் எடுத்த தளத்தின் பெயரையும் சொன்னார். அடித்தேன். ஒரு வாரத்தில் விண்ணப்பம் முதல்கட்டம் தாண்டியது. பிறகு அவர் வீட்டிலிருந்தே அரைமணி நேரம் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டினார். அதிலும் தேறிவிட்டார். கடைக்கு வந்து மைசூர்பாக்கு கொடுத்துவிட்டுப் போனார். "என் பேர்ல ஒரு பக்கம் வரப்போகுதுண்ணே. என் பேரத் தட்டுனா நான் வருவேன்" என்றார். அதைக்கூட ஒரு தாளில் குறித்து வைத்தேன். அது ஏன் அவருக்கு அவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

நான்காம் நாள் கைபேசியை நீட்டியபடி வந்தார். தளத்திலிருந்து மின்னஞ்சல். ரெஸ்யூமில் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஆதாரம் வேண்டும். முந்தைய தளத்தில் உங்கள் கணக்கின் பக்கத்தை, பெயரும் மொத்த நேரமும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பலாம், அல்லது பொறுப்பில் இருந்தவரின் கடிதம். ஐந்து வேலை நாட்கள் அவகாசம்.

"இதுல என்னா கஷ்டம் டீச்சர்? பக்கத்தத் தொறந்து ஒரு படம் புடிச்சா ஆச்சு."

டீச்சர் உட்கார்ந்தார். "அந்தப் பக்கம் என் பேர்ல இல்லண்ணே."

அப்போதுதான் கதை வெளியே வந்தது. டீச்சர் அண்மையில் விட்டு வந்திருந்த அந்த சென்டரை நடத்துகிற மேடத்துக்கு, அந்தத் தளத்தில் பழைய, நல்ல பெயரெடுத்த கணக்கு ஒன்று இருந்தது. புதிதாக யாராவது கணக்குத் தொடங்கினால் மாணவர் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். அதனால் அந்த ஒரே கணக்கில் மூன்று டீச்சர்கள் மாறி மாறிப் பாடம் எடுத்தார்கள். விடியற்காலை ஒருவர், அமெரிக்கப் பிள்ளைகளுக்கு. பத்தரை பதினொன்றிலிருந்து இரண்டு வரை இவர், ஆஸ்திரேலியாவில் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்கு. இரவில் இன்னொருவர், இங்கிலாந்துக்கு. அந்தத் தளத்தில் முகம் தெரியாது. குரலும் வெள்ளைப் பலகையும் மட்டும்தான். பிள்ளைகள் மூன்று பேரையும் மேடத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும்.

"தப்புன்னு தோணலையா டீச்சர்?"

"இந்த ஊருல தோணாதுண்ணே. எங்க வீட்டுக்காரரு மெஷின் முன்னாடியிருந்து எந்திரிச்சா அடுத்த ஷிப்ட்டுக்காரரு வந்து உக்காருறாரு. மெஷினு பேரா மாறுது? நானும் அப்படித்தான் நெனச்சேன். ஏ ஷிப்ட்டு, பி ஷிப்ட்டுன்னுதான் நாங்களே சொல்லிக்குவோம்."

எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. இங்கே காண்ட்ராக்ட்டில் ஒருவருடைய அட்டையைப் போட்டுக்கொண்டு இன்னொருவர் உள்ளே போவதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வேலை நடந்ததா, அவ்வளவுதான்.

கடிதம் கேட்க அவர் தனியாகப் போகத் தயங்கினார். நானும் கூடப் போனேன். பாகலூர் சாலைப் பக்கம் ஒரு மாடி. மேடம் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். கைபேசியில் யாரிடமோ தெலுங்கில் பேசி முடித்துவிட்டு எங்களிடம் திரும்பினார்.

"கடுதாசி குடுத்தா என்னா ஆகும்னு யோசிச்சியாம்மா? 'எங்கிட்ட வேல செஞ்சாங்க, என் ஐடியில பாடம் எடுத்தாங்க'ன்னு நானே எழுதித் தர்றதா? ஒரு ஐடிய ஒரு ஆளுதான் வச்சுக்கணும்னு அவங்க சட்டம். மறுநாளே மூடிடுவாங்க. மத்த ரெண்டு பேரு வீட்ல அடுப்பு எரிய வேணாமா?"

டீச்சர் மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன கண்ணு பண்றது. நீ எடுத்தது எனக்குத் தெரியும். ஒண்ணு செய்றேன். என் பக்கத்தோட படத்தை அனுப்பறேன். பேரு மட்டும் உன்னோடதா மாத்திக்க." என் பக்கம் கையைக் காட்டினார். "அதான் அண்ணன் இருக்காரே. ரெண்டு நிமிச வேல."

கீழே இறங்கி வரும்போது டீச்சர் ஒரு விஷயம் சொன்னார். மெல்போர்னில் அந்த எட்டாம் ஆண்டுப் பெண். பின்னம் என்றாலே அழுகிற பிள்ளை. ஆரம்பத்தில் ஒரு மாதம் தினமும் ரொட்டியை வெட்டுவது போலப் படம் போட்டுத்தான் ஓட்டியிருக்கிறார். ஒருநாள் டீச்சருக்குக் காய்ச்சல். காலை ஷிப்ட் டீச்சர் அந்த வகுப்பை எடுத்தார். மறுநாள் இவர் வந்ததும் அந்தப் பெண் கேட்டிருக்கிறது: நேற்று வந்தது நீங்கள் இல்லைதானே? நான்தான், தொண்டை கட்டியிருந்ததால் குரல் மாறிப்போயிற்று என்று சொல்லிவிட்டாராம் டீச்சர். அந்தப் பெண், சரி, என் மிஸ் திரும்பி வந்துவிட்டார், அது போதும் என்றதாம்.

"எட்டாங்கிளாசுப் புள்ளைகிட்ட பொய் சொன்னேண்ணே. அது நம்புன மாதிரி நடிச்சுச்சு."

பிள்ளையிடம் நேராகப் பேசி ஒரு வரி வாங்கலாமே என்று கேட்டேன். தளத்துக்கு வெளியே பெற்றோரோடு தொடர்பு வைக்கக் கூடாது என்பது விதி; எண்ணோ மின்னஞ்சலோ எதுவும் இவரிடம் இல்லை. சென்டரை விட்டு வந்த நாளோடு அந்தப் பிள்ளையும் போயிற்று. இப்போது யாரோ வேறொரு 'மிஸ்' அதே பெயரில் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார்.

இரண்டு நாள் அவர் கடைக்கு வரவில்லை. மேடம் சொன்னபடி படத்தை அனுப்பியிருந்தார். டீச்சர் அதை எனக்குத் தள்ளிவிட்டிருந்தார், கூட ஒரு வார்த்தைகூட எழுதாமல். மாற்றச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை, அவகாசத்தில் கடைசி நாள், அவர் வருவதற்கு முன்பே நான் படத்தைத் திறந்துவிட்டேன். இதை யார் மேலும் போட முடியாது. என் கையே போயிற்று. வேலை என்று வந்தால் என் கை யோசிக்காது.

ஆனால் ரெண்டு நிமிட வேலை இல்லை அது. மேலே பெயரை மாற்றினால், கீழே மொத்த நேரம் ஆறாயிரத்து இருநூற்றுச் சொச்சம் என்று நின்றது. அது மூன்று பேருடைய நேரம். ரெஸ்யூமில் ஆயிரத்து நானூற்று அறுபது. அதையும் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினேன். கணக்குத் தொடங்கிய வருடம் டீச்சர் ஓசூருக்கு வருவதற்கும் முந்தையது. அதையும் மாற்றினேன். ஒன்றைத் தொட்டால் பக்கத்திலிருப்பது எழுந்து நிற்கிறது.

"என்னா பண்ணினு இருக்கீங்க?" என்றாள் என் மனைவி, தோளுக்குப் பின்னாலிருந்து.

"டீச்சர் வேல."

"அது டீச்சர் வேல மாதிரி தெரியல."

"அவங்க நெஜமா எடுத்த கிளாஸ் தான, எடுக்காததயா போடறேன்" என்று அவளுக்குக் கேட்காத குரலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். அவர் எடுத்த நேரம் உண்மை. அந்த நோட்டில் இருக்கிற ஒவ்வொரு கோடும் உண்மை. உண்மையை நிரூபிக்கத்தான் நான் பொய்ப் படம் செய்துகொண்டிருந்தேன். இதில் எந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும்?

ஒன்பதரை மணிக்கு டீச்சர் வந்தார். பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக வந்திருக்கிறார். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். தன் பெயரைப் பார்த்தார். அந்தப் பெயரின் கீழே ஐந்து நட்சத்திரம். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு நிமிடம், இவருக்கு இது பிடித்துவிட்டது என்றுதான் தோன்றியது. பிடித்தும் இருக்கலாம். அவர் ஆசைப்பட்ட பக்கம் அப்படியேதான் இருந்திருக்கும்.

"சோறு ஆறப் போடுறாப்ல மெதுவா பாருங்க, டைம் இருக்குது" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"ம்."

நான் கீழே போனேன். பெற்றோர் கருத்து. மெல்போர்ன் பெண்ணின் அம்மா எழுதியது. 'மிஸ்' என்று சொல்லி மேடத்தின் பெயரைப் போட்டு, என் மகள் இப்போது கணக்கு நோட்டை ஒளித்து வைப்பதில்லை, நன்றி என்று எழுதியிருந்தார். அந்தப் பெயரை அழித்தேன். காலியான இடத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. டீச்சரின் பெயரின் முதல் எழுத்தை அடித்தேன்.

அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்வதற்கு முன், பின்னால் வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தளம் அவரை எடுக்கவில்லை. குறைந்தபட்ச நேரம் இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று இரண்டு வரி எழுதினார்கள். மேடத்தின் சென்டருக்கு அவர் திரும்பப் போகவில்லை. இப்போது ஒரு சின்னத் தளத்தில், தன் பெயரில், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். சந்தையில் பார்த்தால் பேசுவார். நல்லது செய்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் வீட்டுக்காரர் ஒரு முறை என்னிடம், "அண்ணே, அந்த ஒரு எழுத்த நீங்க வேகமா அடிச்சிருந்தா எங்களுக்கு ஒரு நல்ல வேல இருந்துருக்கும்ல" என்று சிரித்தபடி சொன்னார். அந்தச் சிரிப்பை நான் எந்தத் தாளிலும் குறித்து வைக்கவில்லை.

அந்தக் காலையில், முதல் எழுத்துதான் விழுந்திருந்தது. டீச்சர் என் மணிக்கட்டுக்கு மேலே கையை நீட்டினார், தொடாமல்.

"போடாதீங்கண்ணே, அந்த எடத்துல என் பேரு வேண்டாம். அந்தப் புள்ள ஒருநாளும் என்னைய அப்படிக் கூப்பிட்டது இல்ல. அந்தப் பேருல வர்றது ஒரே ஆளு இல்லன்னு அதுக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டுச்சு."

"இன்னும் ஒரு வரிதான் டீச்சர். இன்னிக்கு சாயங்காலத்தோட டைம் முடியுது."

"சார்ஜாவுல எங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தி இருக்கா. அவ பையனுக்கு ஆன்லைன்ல சனி, ஞாயிறு எடுத்தேன், ஒரு வருசம். என் பேர்ல. கேட்டா அவ எழுதித் தருவா."

"அது எவ்ளோ வரும்?"

"தொண்ணூத்தி ஆறு மணி நேரம்."

"அவங்க ஐந்நூறு கேக்கறாங்க."

"தெரியும்ணே."

அவர் நாற்காலியை முன்னால் நகர்த்தினார். நான் கையை எடுத்துக்கொண்டேன். மவுஸைப் பிடித்து அந்தப் படத்தை மூடினார். சேமிக்கவா என்று திரை கேட்டது. வேண்டாம் என்பதை அழுத்தினார். பிறகு ரெஸ்யூமைத் திறந்து, தடித்த எழுத்தில் நான் போட்டிருந்த ஆயிரத்து நானூற்று அறுபதின் முடிவில் கர்சரை வைத்து, ஒவ்வோர் எண்ணாக அழித்து, 96 என்று அடித்தார்.